இரண்டு சம உருளைகள் செங்குத்தாகக் குறுக்கிடும் பகுதி: வெட்டுமுகம் எப்படிச் சதுரமாகிறது?

நிலா_12

ஒரே ஆரம் r உள்ள இரண்டு உருளை. ஒன்றின் அச்சு x அச்சு, இன்னொன்றின் அச்சு y அச்சு. இரண்டும் நடுவில் செங்குத்தா வெட்டிக்குது. இரண்டுக்கும் பொதுவான பகுதியின் கன அளவு 16r³/3னு விடை. "குறுக்குவெட்டு சதுரம், அதனால் எளிது"ன்னு ஒரே வரியில் முடிச்சுட்டாங்க.

எனக்கு அந்தச் சதுரம்தான் புரியல. உருளையை வெட்டினா வட்டம்தானே வரும்? இரண்டு பக்கமும் வட்டமா இருக்கும்போது சதுரம் எங்கிருந்து வந்தது? x அச்சுக்குச் செங்குத்தா வெட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் சீவின வட்டம் மாதிரி ஒண்ணு வருது. அதோட பரப்பைப் போட்டா சைன் நேர்மாறு எல்லாம் வந்து நிக்குது. எங்கே தப்பு?

அரைவட்டம்

இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? இரண்டு உருளைக்குள்ளும் சரியா உட்காரக்கூடியது r ஆரமுள்ள கோளம். எல்லாப் பக்கமும் சுவரைத் தொடும். அப்போ பொதுப் பகுதி அந்தக் கோளம்தான், 4πr³/3. 4π/3 என்பது 4.19, 16/3 என்பது 5.33. எங்கேயாவது அச்சுப் பிழையா இருக்கும்.

கோணமானி

அரைவட்டம், கோளம் இரண்டு உருளைக்குள்ளும் அடங்கும், சுவரைத் தொடும் என்பது வரை சரி. ஆனால் அதற்கு வெளியே பொதுப் பகுதி எதுவுமே இல்லை என்பதை நீங்கள் இன்னும் காட்டவில்லை. ஒரே ஒரு புள்ளியை வைத்துப் பார்க்கலாம். r = 1 என்று கொண்டு (0.8, 0.8, 0.6) என்ற புள்ளியை எடுங்கள்.

x அச்சு உருளைக்குள் இருக்க y² + z² ≤ 1 ஆக வேண்டும். 0.64 + 0.36 = 1, இருக்கிறது. y அச்சு உருளைக்கு x² + z² ≤ 1. அதுவும் அதே 1, இருக்கிறது. மையத்திலிருந்து தூரத்தின் வர்க்கம் 0.64 + 0.64 + 0.36 = 1.64. கோளத்துக்கு நன்றாகவே வெளியே. ஆக, கோளத்தைத் தாண்டி நான்கு பக்கமும் மூலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 5.33க்கும் 4.19க்கும் உள்ள வித்தியாசம் அந்த மூலைகளில்தான் இருக்கிறது.

இனி நிலாவின் கேள்வி. "உருளையை வெட்டினால் வட்டம்" என்பது அச்சுக்குச் செங்குத்தாக வெட்டும்போது மட்டும்தான். மரத்தடியை நீளவாக்கில் அறுத்தால் வருவது பலகை, அதன் முகம் செவ்வகம். நடுவில் அறுத்தால் அகலமான பலகை, விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கிய பலகை. இந்தக் கணக்குக்குத் தேவையான வெட்டு அதுதான்.

இரண்டு அச்சுகளும் தரையில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு இணையாக, z உயரத்தில் ஒரு வெட்டு. இந்தத் தளம் இரண்டு அச்சுகளுக்குமே இணை. அதனால் இரண்டு உருளைகளுமே அதில் பலகையாகத்தான் தெரியும். முதல் உருளை தரும் பலகை x திசையில் ஓடும். அதன் அகலம் y திசையில் −√(r² − z²) முதல் +√(r² − z²) வரை. இரண்டாவது பலகை y திசையில் ஓடும், அகலம் x திசையில் அதே அளவு. ஆரமும் சமம், உயரமும் ஒன்றே என்பதால் அகலம் சமமாகிறது. சம அகலப் பலகைகள் இரண்டு செங்குத்தாகக் குறுக்கே கிடந்தால் பொது இடம் சதுரம். வட்டத்தின் வளைவு எங்கும் போய்விடவில்லை. z மாறும்போது சதுரத்தின் பக்கம் எப்படிச் சுருங்குகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

r = 5 செ.மீ. என்று வைத்துப் பாருங்கள். z = 0 எனில் பக்கம் 10, பரப்பு 100. z = 3 எனில் √(25 − 9) = 4, பக்கம் 8, பரப்பு 64. z = 4 எனில் பக்கம் 6, பரப்பு 36. z = 5இல் சதுரம் புள்ளியாகிவிடும். பரப்பில் வர்க்கமூலம் மறைந்து 4(r² − z²) என்று வெறும் இருபடிக் கோவை மிஞ்சுவதைக் கவனியுங்கள். கணக்கு எளிதானதற்குக் காரணம் அதுதான்.

நிலா_12

பலகைனு சொன்னதும் பட்டுனு புரிஞ்சுது. நன்றி. உடனே போட்டுப் பார்த்தேன்:

பக்கம் = √(r² − z²), பரப்பு = r² − z². −r முதல் r வரை தொகையிட்டா 2r³ − 2r³/3 = 4r³/3.

16/3 வரல, 4/3 வருது. கோளத்தோட சூத்திரத்துல π மட்டும் காணாமப் போன மாதிரி இருக்கு. இது தற்செயலா?

கோணமானி

பாதிப் பக்கத்தை முழுப் பக்கமாக எடுத்துவிட்டீர்கள். √(r² − z²) என்பது நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை உள்ள தூரம். பலகை இரண்டு பக்கமும் அவ்வளவு போகிறது, ஆகவே பக்கம் 2√(r² − z²), பரப்பு நான்கு மடங்கு. இந்தக் கணக்கில் அதிகம் பேர் தடுக்குவது இங்கேதான். தடுக்கியது தெரிய வேண்டுமானால் z = 0 போட்டுப் பாருங்கள். நடு வெட்டில் சதுரத்தின் பக்கம் உருளையின் விட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். உங்கள் கோவையில் r வருகிறது. அங்கேயே நிறுத்திவிடலாம், தொகையிடும்வரை போக வேண்டியதில்லை.

4(r² − z²) வைத்தால் 4 × 4r³/3 = 16r³/3.

4/3 வந்தது தற்செயல் இல்லை. கோளத்தை அதே உயரத்தில் வெட்டினால் π(r² − z²). உங்களுடையது r² − z². இரண்டும் z ஐப் பொறுத்து ஒரே மாதிரி சுருங்குகின்றன, முன்னால் நிற்கும் எண் மட்டும் வேறு.

தொகைநுண்

நிலா முதலில் வெட்டிய முறை தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் "அப்படி வெட்டவே கூடாது" என்று மனதில் பதிந்துவிடும். x அச்சுக்குச் செங்குத்தாக வெட்டினால் முதல் உருளை முழு வட்டத்தைத் தருகிறது. இரண்டாவது உருளை |z| ≤ √(r² − x²) என்ற பட்டையைத் தருகிறது. பொது இடம், மேலும் கீழும் சீவிய வட்டம். நீங்கள் பார்த்தது சரியான உருவம்தான்.

r = 1 வைத்து, x ≥ 0 பக்கத்துக்கு அதன் பரப்பு:

2x√(1 − x²) + 2 arccos x

(உங்களுக்கு arcsin √(1 − x²) என்று வந்திருக்கும். x நேர்மமாக இருக்கும்போது அதுவும் arccos x உம் ஒன்றே.)

0 முதல் 1 வரை தொகையிட்டால் முதல் உறுப்பு 2/3 தரும். arccos x இன் தொகை 0 முதல் 1 வரை சரியாக 1, ஆக இரண்டாவது உறுப்பு 2 தரும். கூட்டினால் 8/3, இரு பக்கத்துக்கும் 16/3. அதே விடை. ஒவ்வொரு வெட்டிலும் கோணம் வந்து உட்கார்ந்திருக்கிறது, x = 0இல் பரப்பு π தான், ஆனாலும் கூட்டி முடித்ததும் π காணாமல் போகிறது. எனக்கு இந்த வழி பிடிக்கும். சதுர வெட்டில் π ஆரம்பத்திலிருந்தே இல்லை, அதனால் அது மறைவதைப் பார்க்கவே முடியாது.

இதில் ஒரு பொறி உண்டு. x எதிர்மமாக இருக்கும்போது x√(1 − x²) உம் எதிர்மமாகிவிடும். மட்டுக்குறி போடாமல் −1 முதல் 1 வரை தொகையிட்டால் முதல் உறுப்பு முழுதாக அடிபட்டுப்போகும். ஒரு பாதியை மட்டும் போட்டு இரட்டிப்பதே பாதுகாப்பு.

குழாய்வேலன்

என் வேலைக்கு இது நேரா தேவைப்படுது, அதான் கேக்கறேன். கூட்டல் குறி வடிவத்துல இரண்டு குழாய், உள் விட்டம் 10 செ.மீ., ஒவ்வொன்றும் முனைக்கு முனை 40 செ.மீ. உள்ளே எவ்வளவு தண்ணி பிடிக்கும்? இரண்டு குழாயையும் தனித்தனியா போட்டுக் கூட்டினா 6.28 லிட்டர் வருது. ஊத்தி அளந்தா அவ்வளவு பிடிக்கல. நீங்க சொல்ற 16/3ஐக் கூட்டணுமா கழிக்கணுமா?

கோணமானி

கழிக்க வேண்டும், ஒரு முறை மட்டும். நடுவில் உள்ள இடத்தை முதல் குழாயோடும் எண்ணிவிட்டீர்கள், இரண்டாவதோடும் எண்ணிவிட்டீர்கள்.

ஒரு குழாய் π × 25 × 40 = 3141.6 க.செ.மீ. இரண்டுக்கு 6283.2. பொதுப் பகுதி 16 × 125 / 3 = 666.7. மீதி 5616.5 க.செ.மீ., சுமார் 5.62 லிட்டர்.

சூத்திரத்தில் போட வேண்டியது உள் ஆரம் 5. விட்டம் 10ஐ r இடத்தில் போட்டால் எட்டு மடங்கு, 5333 வரும். ஒரு குழாயின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம் என்பதால் அது உடனே மாட்டிக்கொள்ளும். வெளி ஆரத்தைப் போட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் விடை நம்பும்படியாகவே இருக்கும். விட்டத்தை வைத்தே நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால் 2d³/3. இங்கே 2000/3, அதே 666.7.

குழாய்வேலன்

சரியா வந்துச்சு. அப்போ ஒரு பக்கம் மட்டும் கிளை போற இணைப்புக்கும் இதேதானே?

தொகைநுண்

பாதிதான். கிளை ஒரு பக்கம் மட்டும் போகிறது, ஆகவே பொதுப் பகுதியிலும் பாதி, 8r³/3. உங்கள் அளவுக்கு 333.3 க.செ.மீ.

ஆனால் கிளையின் நீளத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதான குழாயின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் மேலே சொன்னபடி 333.3ஐக் கழிக்க வேண்டும். பிரதான குழாயின் உள் உச்சியிலிருந்து, அதாவது நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி அளந்தால் கழிக்க எதுவும் இல்லை, மாறாகக் கூட்ட வேண்டும். பிரதான குழாய் உச்சியிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்குகிறது அல்லவா, அந்தச் சரிவுக்கும் கிளையின் அடித்தட்டுக்கும் இடையே சேணம் போல ஒரு இடம் இருக்கிறது. அதன் அளவு πr³ − 8r³/3, r = 5க்கு 392.7 − 333.3 = 59.4 க.செ.மீ. கிட்டத்தட்ட அறுபது மில்லி. சிறிய தொட்டிக்கு இது கண்ணில் படும் பிழை.

பழையகணக்கு

தொகையிடல் தெரியாதவர்களுக்கும் இதே வெட்டை வைத்து விடையைக் காட்டலாம். அந்த வழி இன்னும் அழகு என்பது என் எண்ணம்.

பொதுப் பகுதியை 2r பக்கமுள்ள கனசதுரத்துக்குள் வையுங்கள். ஆறு முகங்களையும் தொட்டபடி அடங்கும். z உயரத்தில் கனசதுரத்தின் வெட்டு 4r², உள்ளே இருப்பதன் வெட்டு 4r² − 4z². இடையில் மிஞ்சும் பரப்பு 4z². அதாவது 2z பக்கமுள்ள ஒரு சதுரத்தின் பரப்பு. எந்த உருவத்தை z உயரத்தில் வெட்டினால் 2z பக்கச் சதுரம் வரும்? மையத்தில் முனையும், மேல் முகத்தை அடியாகவும் கொண்டு தலைகீழாக நிற்கும் பிரமிடு. கீழே இன்னொன்று. ஒவ்வொன்றும் 1/3 × 4r² × r, இரண்டும் சேர்ந்து 8r³/3. கனசதுரம் 8r³. கழித்தால் 16r³/3. கனசதுரத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு.

இந்த "மூன்றில் இரண்டு" என்ற முடிவு ஆர்க்கிமிடீசிடமே இருக்கிறது. இப்படித்தான் சதுரமாக வெட்டி அவர் நிறுவினார். சீனாவில் லியு ஹுய் 263ஆம் ஆண்டில் எழுதிய உரையில் இதே உருவத்தை எடுத்து, உள்ளே அடங்கும் கோளத்துக்கும் இதற்கும் விகிதம் π : 4 என்று கண்டார். ஆனால் இதன் கன அளவை அவரால் எட்ட முடியவில்லை, பின்னால் வருபவர்களுக்கு விட்டுவிட்டார். சூ சோங்ஜியின் மகன் சூ கெங் பிறகு அதைக் கண்டார். கனசதுரத்தில் மிஞ்சும் பகுதியைப் பிரமிடோடு ஒப்பிட்டதுதான் அவர் வழி.

கோணமானி

பிரமிடு வழி அருமை. ஒரு திருத்தம் மட்டும். ஆர்க்கிமிடீஸ் முடிவைச் சொல்லியிருக்கிறார் என்பது உறுதி, எரடோஸ்தனீசுக்கு எழுதிய ‘முறை’ என்ற நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது. 1906இல் ஹைபெர்க் கண்டெடுத்துப் படித்த தோல் ஏட்டில் இந்தக் கணக்குக்கான நிறுவல் கிடைக்கவில்லை, அந்தப் பகுதியே இல்லை. சதுர வெட்டு அவர் வழியோடு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் "இப்படித்தான் நிறுவினார்" என்று முடித்துவிட முடியாது.

பழையகணக்கு

நிறுவல் கிடைக்கவில்லை என்பது சரி, ஏற்கிறேன். ஆனால் அதே நூலில் கோளத்தையும் கூம்பையும் இணைத் தளங்களால் வெட்டி ஒப்பிட்டவர் இதற்கு மட்டும் வேறு வழி தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரைவட்டம்

கோளம்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன். ஆனா லியு ஹுய் விகிதத்தைப் பார்த்ததும் ஒண்ணு தோணுது. ஒவ்வொரு உயரத்திலயும் கோளத்தோட வெட்டு, சதுரத்துக்குள்ள நாலு பக்கமும் தொடுற வட்டம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் விகிதம் எப்பவும் π/4. அப்போ மொத்தக் கன அளவுக்கும் அதே விகிதம்தானே? 16r³/3ஐ π/4ஆல பெருக்கினா 4πr³/3. நான் சொன்ன கோளம் வந்து நிக்குது!

கோணமானி

அதேதான். எல்லா உயரத்திலும் விகிதம் மாறாமல் இருப்பதால் மட்டுமே இது செல்லும். பிரமிடு வழியில் 16r³/3ஐக் கண்டுவிட்டால் கோளத்தின் சூத்திரம் உங்கள் ஒரே வரியில் வந்துவிடுகிறது. முதலில் நீங்கள் வைத்த கோளம் வீண் போகவில்லை.

நிலா_12

ஆரம் வேற வேறன்னா? 5, 3னு வெச்சுக்குவோம்.

தொகைநுண்

பலகைகளின் அகலம் வேறாகிவிடும், ஆகவே வெட்டு செவ்வகம். பரப்பு 4√(25 − z²)√(9 − z²). z இனி −3 முதல் 3 வரை மட்டும், ஏனென்றால் அதற்கு மேல் சின்ன உருளை இல்லை. சம ஆரத்தில் இரண்டு வர்க்கமூலமும் ஒன்றாகிக் கரைந்தன. இங்கே கரையாது. தொகை நீள்வட்டத் தொகையீடாக மாறும், எளிய சூத்திரம் கிடைக்காது. எண்ணாகத்தான் போட வேண்டும்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. சம ஆரத்தில் சிம்சன் விதி ஒரே அடியில் மிகச் சரியான விடையைத் தரும். உயரம் 10, அடியும் உச்சியும் 0, நடு 100 என்றால் 10/6 × (0 + 400 + 0) = 666.7. பரப்பு இருபடிக் கோவை என்பதால் அப்படி. அதே பழக்கத்தில் இங்கே போட்டால் 6/6 × (0 + 4 × 60 + 0) = 240 வரும். உண்மையான விடை சுமார் 269.4. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும்:

```python
from math import sqrt

def kana(a, b, n):          # a >= b
    h = 2*b/n
    zs = [-b + (i + 0.5)*h for i in range(n)]
    return h*sum(4*sqrt((a*a - z*z)*(b*b - z*z)) for z in zs)

print(kana(5, 5, 1000), kana(5, 3, 1000))
```

முதல் எண் 666.667ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் இரண்டாவதை நம்பாதீர்கள். a, b இடம் மாறினால் வர்க்கமூலத்துக்குள் ஒன்று மட்டும் எதிர்மமாகி, பெருக்கலும் எதிர்மமாகி, நிரல் பிழை காட்டி நின்றுவிடும். பெரிய ஆரம் முதலில்.

கையால் சரிபார்க்க, 3 ஆர உருளையை 10 நீளத்துக்கு நேராக வெட்டினால் 282.7. பெரிய உருளையின் சுவர் வளைந்திருப்பதால் ஓரங்களில் நீளம் 10ஐவிடக் குறையும். ஆகவே விடை 282.7க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், 269.4 பொருந்துகிறது.

குழாய்வேலன்

அப்போ 3 செ.மீ. ஆரமுள்ள கிளைக்கு, நடுக்கோட்டிலிருந்து அளந்தா 134.7 கழிக்கணும். சரிதானே? இன்னொண்ணு, கிளை செங்குத்தா இல்லாம 60 டிகிரி சாய்ஞ்சு போனா?

தொகைநுண்

134.7 சரி. சாய்வுக்கு, ஆரம் சமமாக இருந்தால் வெட்டு சாய்சதுரமாகும். ஒரே அகலப் பலகைகள் இரண்டு θ கோணத்தில் குறுக்கிட்டால் பொதுப் பரப்பு அகலத்தின் வர்க்கத்தை sin θ ஆல் வகுத்தது. ஆக முழுப் பொதுப் பகுதி 16r³/(3 sin θ). 60 டிகிரிக்கு sin θ = 0.866, r = 5க்கு 769.8, கிளை ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதி, 384.9. நேர்க்கிளையைப் போல இங்கும் நடுக்கோட்டிலிருந்து அளந்தால்தான் இது செல்லும். பிரதான குழாயின் உச்சியிலிருந்து அளந்தால் அந்தச் சேணப் பகுதி சாய்ந்து, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரியும். அதற்குக் கிளையின் முனை எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லுங்கள், போட்டுப் பார்க்கலாம்.